பி வேவா, சி வேவா, டி வேவா? ஹாஃப் மாரத்தானில் எங்கே நிற்பது

போன மாதம் அண்ணி ஒரு ஹாஃப் மாரத்தானுக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தார். அங்கே ஓடுபவர்களை முடிக்கும் நேரப்படி பிரித்து, குழுகுழுவாக இடைவெளி விட்டுக் கிளப்புவார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு வேவ். படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, 'எதிர்பார்க்கும் நேரம்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். "உங்க அண்ணன் பி வேவ்ல ஓடறார். நானும் பி-ன்னு போட்டுடவா? ரெண்டு பேரும் சேர்ந்தே கிளம்பலாமே" என்று என்னிடம் கேட்டார். கேட்டது ஒரு வரிதான், ஆனால் பதில் சொல்ல ஒரு தாளும் பேனாவும் வேண்டியிருந்தது. அந்தத் தாளில் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பந்தயத்தின் அமைப்பு. 21.1 கிலோமீட்டர். ஏ வேவ் 2 மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு. பி வேவ் 2:00 முதல் 2:15 வரை, சி வேவ் 2:15 முதல் 2:30 வரை, டி வேவ் 2:30 முதல் 3:00 வரை. ஒவ்வொரு வேவுக்கும் நடுவே 5 நிமிடம். கணக்கு எளிதாக இருக்க, ஒரு வேவில் 400 பேர், அவர்கள் எல்லாரும் கோட்டைத் தாண்ட 2 நிமிடம் ஆகும், வேவுக்குள் எல்லா நேரக்காரர்களும் சம அளவில் கலந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டேன். நிஜத்தில் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஆனாலும் மூன்று வேவையும் ஒப்பிட இது போதும்.

அண்ணியிடம் இருந்த ஒரே உறுதியான எண், ஆறு வாரத்துக்கு முன் ஓடிய ஒரு 10 கி.மீ. பந்தயத்தின் சிப் நேரம், அதாவது அவரிடம் இருந்த சிப் கோட்டைத் தாண்டியதிலிருந்து கணக்கான நேரம்: 64 நிமிடம் 20 வினாடி. ஒரு தூரத்தின் நேரத்திலிருந்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்க, பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்ட சூத்திரத்தைத்தான் இன்றும் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துகிறார்கள்:

```
T2 = T1 × (D2 / D1)^1.06
```

T1, D1 தெரிந்த நேரமும் தூரமும்; T2, D2 கணிக்க வேண்டிய நேரமும் அதன் தூரமும். 10-இலிருந்து 21.1-க்குப் போகும்போது பெருக்கும் எண் ஏறத்தாழ 2.207. 64:20-ஐ அதால் பெருக்கினால் 2 மணி 22 நிமிடம் வருகிறது. கி.மீ.க்கு 6 நிமிடம் 44 வினாடி. இணையத்தில் உள்ள கணிப்புக் கருவிகள் பலவும் ஏறத்தாழ இதையே காட்டும்.

அந்த 1.06-ஐ அப்படியே நம்பக் கூடாது. தூரம் கூடக் கூட வேகம் எவ்வளவு குறையும் என்பதைத்தான் அது சொல்கிறது. நீண்ட ஓட்டங்கள் ஓடிப் பழகிய கால்களுக்கு அது பொருந்தும். அண்ணி அதுவரை ஓடிய மிக நீண்ட தூரம் 16 கி.மீ., அதுவும் ஒரே ஒரு முறை. அதனால் 1.10 என்று போட்டுப் பார்த்தேன்: 2:26. 1.15 என்று போட்டால் 2:32. எங்கள் குழுவில் முதல் ஹாஃப் ஓடுபவர்கள் பலருக்கு 1.10-க்கு அருகில்தான் வந்திருக்கிறது. வெயில் ஏறிய நாளில் 1.15-ஐயும் பார்த்திருக்கிறேன். ஆக அண்ணியின் நேரம் ஒற்றை எண் இல்லை. 2:22-இலிருந்து 2:32 வரையான ஒரு பட்டை, நடுவில் 2:26. அந்தப் பட்டை சி-க்கும் டி-க்கும் நடுவே இருக்கும் 2:30 எல்லையைத் தாண்டிப் போகிறது. சிக்கல் அங்கேதான்.

இனி முந்துவதன் கணக்கு. இது ஒரே ஒரு கழித்தல்தான். உங்களுக்குப் பின்னால் கிளம்பும் ஒருவர் முடிவுக்கோட்டுக்குள் உங்களை முந்த வேண்டுமென்றால், அவர் எத்தனை நிமிடம் தாமதமாகக் கிளம்பினாரோ அதைவிட அதிகமாக உங்களைவிட வேகமாக முடிக்க வேண்டும். நீங்கள் 142 நிமிடம், அவர் 5 நிமிடம் பின்னால் கிளம்புகிறார் என்றால், 137 நிமிடத்துக்குள் ஓடுபவர் மட்டுமே உங்களை முந்துவார். அவ்வளவுதான். இதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வேவையும் பார்க்கலாம்.

முதலில் அண்ணி ஆசைப்பட்ட பி. அண்ணனோடு பி வேவின் நடுவில் நின்றால், பின்னால் 200 பேர் இருப்பார்கள். பி-யில் இருக்கும் எல்லாரும் 2:15-க்குள் ஓடுபவர்கள், அதாவது அத்தனை பேரும் அண்ணியைவிட வேகம். எனவே அந்த 200 பேரும் முந்துவார்கள். எப்போது என்பதுதான் முக்கியம். அவர்களில் மெதுவானவர்கூட கி.மீ.க்கு 20 வினாடி வேகம் கூடியவர், வேகமானவர் 63 வினாடி. கடைசியில் நிற்பவர் அண்ணிக்கு 1 நிமிடம் மட்டுமே பின்னால் கிளம்புகிறார். அதனால் முதல் கி.மீ.க்குள் மட்டும் சுமார் 140 பேர், மூன்றாவது கி.மீ. முடிவதற்குள் மீதிப் பேர். முதல் கி.மீ.ரை அண்ணி ஓடி முடிக்க 404 வினாடி. அப்படியானால் மூன்று வினாடிக்கு ஒருவர் தோளை ஒட்டிக் கடக்கிறார். இருட்டில், எல்லாரும் நெருக்கியடிக்கும் நேரத்தில்.

அதோடு முடியவில்லை. சி வேவ் சராசரியாக 5 நிமிடம் பின்னால் வருகிறது. அண்ணி 2:22 ஓடினால், சி-யில் 2:15-க்கும் 2:17-க்கும் இடையே உள்ள 53 பேர் முந்துவார்கள், ஏறத்தாழ 12-வது கி.மீ.க்குப் பிறகு. 2:26 ஓடினால் அது 160 பேர். 2:32 ஆகிவிட்டால் 320 பேர். கால் தளர்ந்து போகும் அதே கி.மீ.களில் ஒரு வேவே பக்கத்தில் கடந்து போகும்.

எண்ணில் வராத இன்னொன்றும் பி-யில் இருக்கிறது. பி வேவில் 2:15 பேஸர் இருப்பார், சரியாக 2:15-இல் முடிக்கும் வேகத்தில் ஓடி மற்றவர்களுக்கு வழிகாட்டுபவர். கொடியோ பலூனோ பிடித்துக்கொண்டு ஓடும் அவரை ஒட்டி முப்பது, நாற்பது பேர் ஒரே கொத்தாக வருவார்கள். எங்கள் பக்கம் அதை 'பஸ்' என்போம். ஒருவர் முந்தினால் ஒதுங்கலாம். பஸ் முந்தும்போது ஒதுங்க இடமே இருக்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு பந்தயத்தில் என் நேரத்தை நானே ஆசையாகக் குறைத்து எழுதி, எனக்குப் பொருந்தாத ஒரு முன் வேவில் நின்றேன். இரண்டாவது தண்ணீர் மேசையில் டம்ளரை எடுத்து நிமிர்ந்த நொடியில் பின்னாலிருந்து பஸ் வந்தது. எனக்கு முன்னால் மேசையை விட்டு விலகிக்கொண்டிருந்த ஒரு பெண் அந்த நெரிசலில் முட்டியடித்து விழுந்தார். யாரும் வேண்டுமென்று தள்ளவில்லை. அவர் கி.மீ.க்கு ஏழு நிமிட வேகத்தில் மேசையைவிட்டு விலகினார், பின்னால் வந்தவர்கள் ஐந்தே முக்கால் நிமிடத்தில் வந்தார்கள். அவர் முட்டியில் இருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஓடியது இன்னும் கண்ணில் இருக்கிறது. நானும் அந்தக் கூட்டத்தின் வேகத்தில் இழுபட்டு முதல் ஐந்து கி.மீ.ரை என் அளவைவிடக் கி.மீ.க்கு அரை நிமிடம் வேகமாக ஓடி, 15-க்கு மேல் நடந்துதான் முடித்தேன். பொருந்தாத வேவில் நிற்பதால் வரும் இரண்டாவது தீங்கு அது. முந்திப் போகிறவர்கள் நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார்கள், நமக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே பி வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. "அப்போ சேர்ந்து ஓட முடியாதா?" என்று கேட்டார். அண்ணன் 2:08 ஓடுபவர். அவருக்குச் சேர்ந்து ஓடும் ஆசை இருந்தால் அவர் பின்னால் வந்து சி-யில் நிற்கலாம், நீங்கள் முன்னால் போக வேண்டாம் என்றேன். இது அண்ணனிடம் பேச வேண்டிய விஷயம், அதை அண்ணி பார்த்துக்கொண்டார்.

சரி, சி. இதில் நடுவில் நின்றால் என்ன ஆகும்? அண்ணி 2:22 ஓடினால், 400-இல் 187 பேர் அவரைவிட வேகம். அவர்களில் பாதிப் பேர் பின்னால் நிற்பதாகக் கொண்டால் 93 பேர் வரை முந்துவார்கள். 2:26 ஆனால் 147 பேர் வரை. எண் சிறியதல்ல. ஆனால் முந்தும் விதம் வேறு. 2:15 ஓடுபவர் அண்ணியைக் கடக்கும்போது நிமிடத்துக்கு 8 மீட்டர்தான் விலகிப் போகிறார். அவர் பக்கத்தில் வருவது தெரியும், மூச்சு கேட்கும், ஒதுங்க நேரம் இருக்கும். பி-யில் 2 மணிக்காரர் கடக்கும்போது அதே ஒரு நிமிடத்தில் 27 மீட்டர் போய்விடுவார். எத்தனை பேர் முந்துகிறார்கள் என்பதோடு எவ்வளவு வேக வித்தியாசத்தில் முந்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மோதலும் தடுமாறலும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கின்றன.

இப்போது அதே சி வேவில் கடைசியில் போய் நில்லுங்கள். பின்னால் சி வேவின் ஆள் யாரும் இல்லை, எனவே சொந்த வேவிலிருந்து யாரும் முந்த முடியாது. டி வேவின் முன்வரிசை கிளம்பும்போது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே 3 நிமிடம் (நீங்கள் சி-யின் கடைசியில் 2 நிமிடம் தாமதமாகக் கோட்டைத் தாண்டியிருப்பீர்கள்). 2:32-இல் முடித்தால்கூட, முந்த வேண்டியவர் 2:29-க்குள் ஓட வேண்டும். டி-யில் அப்படிப்பட்டவர் இல்லை. அதாவது அண்ணியின் பட்டை முழுக்க, 2:22 ஆனாலும் 2:32 ஆனாலும், அவரை முந்துபவர் பூஜ்யம். வேவ் எழுத்தை மாற்றாமலே, நிற்கும் இடத்தை மட்டும் மாற்றியதில் 147 பேர் காணாமல் போனார்கள். தாளில் இந்த எண் வந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எந்த வேவ் என்று இவ்வளவு யோசிக்கிறோம், வேவுக்குள் எங்கே நிற்பது என்று யாரும் யோசிப்பதில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு, மறைக்கக் கூடாது. கடைசியில் நின்றால் அண்ணி மற்றவர்களை முந்துவார். 2:22 ஓடினால் 213 பேர் வரை, 2:26 ஓடினால் 107 பேர் வரை. அவர்களும் யாரோ ஒருவருடைய அண்ணிதான். ஆனால் இங்கே அதிகபட்ச வித்தியாசமே கி.மீ.க்கு 23 வினாடி. மெதுவாகத்தான் கடப்பார், முதல் ஐந்து, பத்து கி.மீ.களில் பரவலாக. ஒதுங்கிக் கடக்க இடமிருக்கும்.

அப்புறம் டி. கணக்கில் இதுதான் மிகச் சுத்தமான விடை என்று சொல்ல வேண்டும். டி வேவின் முதல் வரிசையில் நின்று 2:26 ஓடினால், அண்ணியை முந்துபவர்கள் யாரும் இல்லை. அவர் முந்துவதும் அநேகமாக இல்லை, ஏனென்றால் சி வேவ் சராசரியாக 4 நிமிடம் முன்னால் போயிருக்கும், 2:30-க்கு மேல் ஓடுபவர் சி-யில் இல்லை. 2:22 ஓடிவிட்டால் சி-யின் பின்பகுதியில் 107 பேரை 8-வது கி.மீ.க்குப் பிறகு பிடிப்பார். 2:32 ஆனால் டி-யின் வேகமானவர்கள் 27 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவரைக் கடப்பார்கள், அதுவும் மிக மெதுவாக.

பிறகு ஏன் டி என்று சொல்லவில்லை? 'முதல் வரிசையில் நின்றால்' என்ற அந்த ஒரு சொல்லால். டி வேவின் முன்வரிசை எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் முறை வருகிறவர்கள், அலுவலகத்திலிருந்து சேர்ந்து வந்த கூட்டம், படம் எடுத்துக்கொண்டு கைகோத்து நடக்கப் போகிறவர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். அது அவர்களுடைய இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பின்னால் அண்ணி மாட்டிக்கொண்டால், வேவின் நடுவிலிருந்து 200 பேரை வளைந்து வளைந்து கடக்க வேண்டும். அவர் கி.மீ.க்கு 6:44, நடப்பவர் பத்து நிமிடத்துக்கும் மேல். அந்த வித்தியாசம் பி-யில் அண்ணிக்கு இருந்திருக்கக்கூடிய வித்தியாசத்தைவிடப் பெரியது. பி-யில் அவர் மற்றவர்களால் எப்படித் தொந்தரவுபட்டிருப்பாரோ, அதைவிட அதிகமாக டி-யில் அவர் தொந்தரவு கொடுப்பார். இன்னொன்று, தாமதமாக வந்து ஏ, பி வேவைத் தவறவிட்டவர்கள் கடைசி வேவின் முன்னால் வந்து சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் பறப்பார்கள்.

பந்தயத்தை மூடும் கட்-ஆஃப் நேரத்தையும் பார்க்க வேண்டும். பந்தய நேரம் முதல் வேவின் துப்பாக்கியிலிருந்து கணக்காகிறதா, உங்கள் சிப் கோட்டைத் தாண்டியதிலிருந்தா என்று விதியில் தேடிப் படியுங்கள். முதல் துப்பாக்கியிலிருந்து 3:15-இல் சாலையைத் திறந்துவிடுவார்கள் என்றால், டி-யின் கடைசியில் 17 நிமிடம் தாமதமாகக் கிளம்பும் ஒருவருக்குக் கையில் 2:58 மட்டுமே. அண்ணிக்கு இது பிரச்சினை இல்லை. 3:00-க்காரருக்குப் பிரச்சினை. வெயிலைப் பற்றியும் அண்ணி கேட்டார்: சி-யை விட்டு டி-க்குப் போனால் 5 நிமிடம்தான் தள்ளும், அதில் வெயில் ஒன்றும் மாறிவிடாது.

இரண்டு வேவையும் எடை போட்டபோது முடிவைத் தீர்மானித்தது கணக்கு அல்ல, ஒரு விதி. பெரும்பாலான பந்தயங்களில் நீங்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையான பிப்பில் உள்ள வேவிலிருந்து பின்னால் போய் நிற்கலாம், முன்னால் போக விடமாட்டார்கள். சி என்று பதிவு செய்தால், அன்று காலை டி-யின் முன்னால் இடம் இருப்பதைப் பார்த்து அங்கே போகலாம், அல்லது சி-யின் கடைசியில் நிற்கலாம். டி என்று பதிவு செய்தால் டி மட்டும்தான். உடம்பு எப்படி இருக்கிறது, வானம் எப்படி இருக்கிறது என்று தெரிவதற்கு மூன்று மாதம் முன்பே படிவத்தை நிரப்புகிறோம். அதனால் பட்டையின் நடு எண்ணை (2:26) எழுதி, அது விழும் வேவை எடுத்து, அதில் பின்னால் நிற்பது என்று முடிவு செய்தோம். படிவத்தில் 2:22 என்று எழுதவில்லை. அந்த எண் எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்கானது.

பட்டை முழுவதும் ஒரே வேவுக்குள் அடங்கும் ஒருவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. 2:18-க்கும் 2:26-க்கும் இடையே என்றால் சி-யில் நடுவுக்குச் சற்றுப் பின்னால் நின்றுவிட்டால் போதும்.

வேவ் தேர்வு தீர்க்காத ஓர் ஆளும் உண்டு: நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பவர். அண்ணி பயிற்சியில் சில வாரம் அப்படித்தான் ஓடினார். நடக்கும் நிமிடத்தில் 100 மீட்டர் போகிறார் என்றால், மொத்தத்தில் கி.மீ.க்கு 6:44 வர வேண்டுமானால் ஓடும்போது 6:13-இல் ஓட வேண்டும். சுற்றியிருப்பவர்கள் சீராக 6:44-இல் வருவதால், அவர் நடக்கும் அந்த ஒரு நிமிடத்தில் 48 மீட்டர் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் கடந்து போவார்கள், பிறகு நான்கு நிமிடத்தில் அவர்களையே இவர் மறுபடி கடப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, பந்தயம் முழுக்க. எந்த வேவில் போட்டாலும் இது மாறாது. சாலையின் ஓரத்திலேயே ஓடுவது, நடக்கத் தொடங்குவதற்கு முன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வேகத்தைக் குறைப்பது, இரண்டும்தான் வழி. திடீரென்று நடுவில் நின்றுவிடுவது பின்னால் வருகிறவரை விழவைக்கும்.

சரியான இடத்தில் நின்றோமா என்று ஓடும்போதே தெரிந்துவிடும். இரண்டாவது கி.மீ. முடியும்போது சுற்றிப் பாருங்கள். முதல் கி.மீ.ரில் பார்த்த அதே சட்டைகள், அதே தொப்பிகள் இன்னும் பக்கத்தில் இருந்தால் இடம் சரி. மூன்றாவது கி.மீ.ரிலும் புதுப் புது முதுகுகளாகக் கடந்து போய்க்கொண்டே இருந்தால், ஒன்று வேவ் தவறு, இல்லையென்றால் நீங்கள் திட்டத்தைவிட மெதுவாகப் போகிறீர்கள். கடிகாரத்தைப் பார்த்து 6:44 என்று இருந்தால் வேவ்தான் தவறு. அப்போது வேகத்தைக் கூட்டாதீர்கள், இடது ஓரத்துக்கு ஒதுங்கிவிடுங்கள்.

இதையெல்லாம் சில பந்தயங்கள் ஓடுபவரிடம் விடுவதே இல்லை. பாஸ்டன் மாரத்தான் 2006-இல் இரண்டு வேவாகப் பிரிந்து கிளம்பத் தொடங்கியது. அங்கே தகுதி நேரத்தை வைத்தே பிப் எண்ணும் வேவும் வரும், யாரும் ஆசைப்பட்ட இடத்தில் நிற்க முடியாது. நம் ஊரில் நேரத்துக்குச் சான்று கேட்காத பந்தயங்கள் நிறைய. அங்கே படிவத்தில் நாம் எழுதும் அந்த எண்தான் பின்னால் வரும் நூறு பேருக்கும் முன்னால் போகும் நூறு பேருக்கும் வழியைத் தீர்மானிக்கிறது. வேவுகளுக்கு நடுவே 5 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடம் விடும் பந்தயமாக இருந்தால், தவறான வேவில் நின்றாலும் 2:22 ஓடினால் பின் வேவின் தொல்லை போய்விடும்: 142-இல் 10 கழித்தால் 132, சி-யில் அப்படி ஓடுபவர் யாரும் இல்லை. ஆனால் முதல் மூன்று கி.மீ.ரில் கடந்து போன அந்த 200 பேர் அப்படியே இருப்பார்கள், அவர்கள் சொந்த வேவுக்காரர்கள்.

அண்ணி கடைசியில் 2:26 என்று எழுதி, சி-யைத் தேர்ந்தெடுத்து, பணத்தைக் கட்டினார். அடுத்த ஞாயிறு 18 கி.மீ. ஓடப் போகிறார். அது நன்றாகப் போனால் 1.10-ஐக் கொஞ்சம் குறைத்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்போதும் சி-யின் கடைசியில்தான் நிற்பேன் என்கிறார்.